சோற்றை நிறுத்திவிட்டு குளுக்கோஸ் டெஸ்ட்டுக்குப் போனால்

டாக்டர் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டை எழுதிக் கொடுத்ததும், நம் ஆட்களில் பலர் முதல் வேலையாகச் சோற்றை நிறுத்துகிறார்கள். டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் அரிசி, சர்க்கரை, கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டால் ரிசல்ட் நல்லபடியாக வரும் என்று ஒரு கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த டெஸ்ட்டில் அந்தக் கணக்கு தலைகீழாகப் போகிறது. மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டு வருபவருக்கு, சர்க்கரை நோயே இல்லாவிட்டாலும், இரண்டாவது மணி நேர ரத்தத்தில் சர்க்கரை எகிறி நிற்கக்கூடும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் இன்னும் பயந்து, இன்னும் குறைத்துச் சாப்பிட ஆரம்பிப்பார்.

நான் குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மாவுச்சத்தை ஒதுக்கச் சொல்லும் பேலியோ மாதிரி உணவு முறைகள் வாட்ஸ்அப் வழியாக மலை ஏறி வந்த பிறகு, இப்படிப்பட்டவர்களை நிறையவே பார்க்கிறேன். எங்கள் வீட்டிலேயே இது நடந்ததால் விவரம் முழுவதும் கையில் இருக்கிறது. அதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் டெஸ்ட் என்ன என்று பார்த்துவிடலாம். குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் என்பதைச் சுருக்கி எல்லோரும் ஜி.டி.டி. என்றுதான் சொல்கிறோம். இரவு சாப்பிட்ட பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்போம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வோம். சிலருக்குக் குமட்டும், பாதி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தால் இறங்கிவிடும். குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து கணக்கு வைத்து இரண்டு மணி நேரம் முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுப்போம். பல இடங்களில் ஒரு மணி நேரத்திலும் ஒன்று எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இதுதான் பெரிய தொல்லை. கீழே பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வருகிறேன் என்று இறங்கி, மூச்சு வாங்க மேட்டில் ஏறி வருவார்கள். நடந்த கால்கள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் அளவு மாறிவிடும்.

இரண்டாவது மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் சரி. 140 முதல் 199 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 200-ம் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை நோய், அதையும் பெரும்பாலும் இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்த பிறகே டாக்டர் சொல்வார். இவையெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது ஒரு நிபந்தனை. டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாளாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும், வழக்கமான வேலை நடமாட்டத்தோடு இருந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறையிலேயே இது இருக்கிறது. 140, 200 என்ற எல்லைகளெல்லாம் அப்படிச் சாப்பிட்டு வந்தவர்களுக்கானவை. ஆனால் நோயாளி கைக்குப் போகும் சீட்டில் பெரும்பாலும் ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும். வெறும் வயிறு என்பதைப் பிடித்துக்கொண்டு, முதல் நாளே பட்டினி கிடந்துவிட்டு வருபவர்களும் உண்டு.

எங்கள் சித்தப்பாவுக்கு ஐம்பது வயதை நெருங்குகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மேஸ்திரி. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி அது. அங்கே நடந்த மருத்துவ முகாமில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று வந்தது. 100-க்கு மேல் என்பதால், ஒரு ஜி.டி.டி. பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தேதி இரண்டு வாரம் தள்ளி. சித்தப்பாவின் அப்பா சர்க்கரையில் கால் விரல்களை இழந்தவர். அந்தப் பயம் மனுஷனை ஆட்டிவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் அவர் சாப்பிட்டதைச் சித்தி வரிசையாகச் சொன்னார். காலையில் மூன்று முட்டை ஆம்லெட், சர்க்கரை இல்லாத டீ. மதியம் கோழியோ மட்டனோ, கூட முட்டைகோஸ், பீன்ஸ். சாயங்காலம் கைப்பிடி பாதாம். இரவில் காளான் வதக்கல், பனீர், தோட்டத்து மரத்திலிருந்து பறித்த ஒரு பட்டர் ஃப்ரூட். காய், பாதாம், பனீர் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு நாளுக்கு முப்பது நாற்பது கிராம் மாவுச்சத்துதான் தேறும். மூன்று கிலோ எடை குறைந்திருந்தது. உடம்பு லேசாக இருக்கிறது என்று சந்தோஷமாக வேறு இருந்தார்.

டெஸ்ட்டை ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கூடத்தில் செய்துகொண்டார். அங்கே யாரும் என்ன சாப்பிட்டு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. வெறும் வயிற்றில் 91. ஒரு மணி நேரத்தில் 214. இரண்டு மணி நேரத்தில் 178. அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது.

“பாப்பா, சோத்தையே கண்ணுல பார்க்கலை. அப்படி இருந்தும் 178. அப்போ சோறு சாப்பிட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?”

அவர் கேட்டதில் இருக்கும் தர்க்கம்தான் பலருடைய தர்க்கமும். சோற்றோடு போயிருந்தால் இதைவிட ஏறியிருக்கும் என்று. அவருடைய எண்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு. வெறும் வயிற்று அளவு முகாமில் இருந்ததைவிட இறங்கியிருக்கிறது, நூறுக்குள் வந்துவிட்டது. ஆனால் குளுக்கோஸ் உள்ளே போனதும் உடம்பு திணறியிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது, என்ன சாப்பிட்டு வந்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

மாவுச்சத்து குறைவாக வரும் நாட்களில் உடம்பு என்ன செய்கிறது? மூளை ஒரு நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவு செய்யும் உறுப்பு. சாப்பாட்டில் அது வராவிட்டால் கல்லீரல் தானே தயாரித்துத் தர வேண்டும். அப்படிக் கஷ்டப்பட்டுத் தயாரித்த குளுக்கோஸைத் தசைகள் தின்று தீர்த்துவிட்டால் மூளைக்குப் பற்றாக்குறை வரும். அதனால் தசைகள் கொழுப்புக்கு மாறிக்கொள்கின்றன. சர்க்கரை குறைவாக வருவதால் கணையம் இன்சுலினைக் குறைத்தே விடுகிறது. இன்சுலின் குறைந்ததும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து, கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் அதிகமாக ஓடுகின்றன. தசை அவற்றை எரிக்கிறது. கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கும் தசைக்குள் குளுக்கோஸ் எளிதில் போகாது. போனாலும் எரியாது, குளுக்கோஸை எரிப்புக்கு அனுப்பும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொழுப்பின் எரிப்பே அடைத்து வைத்துவிடும். கொழுப்பும் குளுக்கோஸும் இப்படி ஒன்றையொன்று தள்ளி நிறுத்துவதை இங்கிலாந்தின் பிலிப் ராண்டிலும் அவருடைய கூட்டாளிகளும் 1963-ல் விளக்கினார்கள்.

இது நோய் கிடையாது. பஞ்ச காலத்தில் மூளையைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஒழுங்கான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் இருக்கும் உடம்புக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் 75 கிராம் குளுக்கோஸை ஐந்து நிமிடத்தில் ஊற்றுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தசை மட்டும் இல்லை, மற்ற இரண்டு இடங்களும் தயாராக இருக்காது. கணையத்தில், குளுக்கோஸ் வந்த முதல் சில நிமிடங்களில் சட்டென்று பாயும் இன்சுலின் ஒன்று இருக்கிறது. சில நாள் வேலை இல்லாமல் இருந்த கணையத்தில் அந்த முதல் பாய்ச்சல் மந்தமாகிவிடும். மொத்தத்தில் இன்சுலின் வரும், ஆனால் தாமதமாக வரும். கல்லீரலிலும் அப்படித்தான். வழக்கமாகச் சாப்பிடுபவரின் கல்லீரல், குளுக்கோஸ் வந்ததும் தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டு வந்ததில் ஒரு பங்கைப் பிடித்துச் சேமிக்கும். பிடிப்பதற்கு அதனிடம் குளுக்கோகைனேஸ் என்ற நொதி உண்டு. அந்த நொதியைச் செய்ய இன்சுலின்தான் கட்டளை கொடுக்க வேண்டும். பத்து நாள் இன்சுலின் குறைவாக இருந்தால் நொதியும் குறைந்திருக்கும். ஆக, வெளியிலிருந்து வருவதைக் கல்லீரல் சரியாகப் பிடிக்காது, உள்ளே தயாரிப்பதையும் உடனே நிறுத்தாது. தசையும் வாங்காது. குளுக்கோஸ் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறோம்.

சித்தப்பாவிடம் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் சொன்னதுமே அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

“குடோன் காலியா இருந்தா சரக்கு சீக்கிரம்தானே உள்ள போகணும்? பத்து நாளா சர்க்கரையே கொடுக்கலை. உடம்பு காஞ்சு கிடக்கும். ஊத்துனதை உறிஞ்சிருக்க வேண்டாமா?”

கல்லீரலிலும் தசையிலும் குளுக்கோஸ் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கப்படுகிறது, மாவுச்சத்து நின்றால் அந்தச் சேமிப்பு இறங்கும் என்பது உண்மைதான். மலையேறியோ ஓடியோ தசையின் கிளைகோஜனைத் தீர்த்தவருக்கு அவர் சொன்னபடியே அந்தத் தசை குளுக்கோஸை ஆவலாக வாங்கும். ஆனால் சாப்பாட்டைக் குறைத்ததால் சேமிப்பு இறங்கியவருக்குக் கதை வேறு. அவருடைய ரத்தத்தில் கொழுப்பு அமிலம் நிறைந்து நிற்கிறது. இடம் காலியாக இருந்தாலும் வாங்கும் வேலை நின்றிருக்கிறது. அவருக்குப் புரியும்படி அவர் ஃபேக்டரியையே எடுத்துச் சொன்னேன்.

“சித்தப்பா, பனிக்காலத்துல இலை வரத்து குறைஞ்சா என்ன செய்வீங்க?”

“இலையைப் பரப்பி வாட்டுற ட்ரஃபுல பாதியை நிறுத்திடுவோம். ஆளுங்களுக்கு லீவு கொடுத்துடுவோம். டிரையருக்கு விறகும் குறைச்சுதான் போடுவோம்.”

“அந்த நேரத்துல சொல்லாம கொள்ளாம சீசன் கணக்குல நாலு லாரி இலை வந்து இறங்கினா?”

அவர் சிரித்துவிட்டார். “ட்ரஃபுல பரப்ப ஆளு இருக்காது. சாக்குலயே கிடந்து சூடேறி சிவந்து போகும்.”

அன்றைக்குக் குவிந்து கிடக்கும் இலையைப் பார்த்துவிட்டு ஃபேக்டரியே கெட்டுவிட்டது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அவர் ஒத்துக்கொள்வாரா? அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பட்டினி போட்ட நாய்களுக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் அது சிறுநீரில் இறங்குவதை ஹோஃப்மைஸ்டர் என்ற விஞ்ஞானி 1890-லேயே எழுதி, பட்டினி நீரிழிவு என்று பெயரும் வைத்தார். மனிதர்களில் இதை அழகாகக் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்வீனி. 1927-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில் ஆரோக்கியமான மருத்துவ மாணவர்களைப் பிரித்து, சிலருக்கு மாவுச்சத்து, சிலருக்குப் புரதம், சிலருக்குக் கொழுப்பு என்று இரண்டு நாள் கொடுத்தார். சிலரைப் பட்டினி போட்டார். பிறகு எல்லோருக்கும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார். மாவுச்சத்து சாப்பிட்டவர்களின் ரத்தச் சர்க்கரை கொஞ்சமாக ஏறி இறங்கிவிட்டது. கொழுப்பு சாப்பிட்டவர்களுக்கும் பட்டினி கிடந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளியைப் போன்ற கோடு வந்தது. நன்றாக இருந்த இளைஞர்கள்தான், இரண்டே நாளில். 1930-களில் லண்டனில் ஹிம்ஸ்வொர்த், உணவில் மாவுச்சத்து கூடக்கூட உடம்பு இன்சுலினுக்குக் கேட்கும் திறன் கூடுவதை அளந்து காட்டினார். 1940-ல் ஜெரோம் கான், ஒரே மாதிரியான முன்தயாரிப்பு உணவு இல்லாமல் இந்த டெஸ்ட்டின் முடிவைப் படிக்கவே கூடாது என்று வாதிட்டார். அவர் கேட்டது மூன்று நாளுக்குத் தினம் 300 கிராம். பிற்காலத்தில் 150 போதும் என்று ஆனது. இவ்வளவு பழைய விஷயம் ஒரு சீட்டில் ஒரு வரியாகக்கூட இடம் பிடிக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

150 கிராம் என்றால் ஏதோ விருந்து சாப்பிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த எண் அரிசியின் எடையும் இல்லை, உணவுக்குள் இருக்கும் மாவுச்சத்தின் எடை. நடுத்தரமான இட்லி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். ஒரு கப் சோற்றில் 45 கிராம். ஒரு சப்பாத்தியில் பதினைந்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே. காலையில் மூன்று இட்லி, மதியம் இரண்டு கப் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி என்று போட்டால் அதிலேயே 150 வந்துவிடும். சாம்பாரும், உருளைக்கிழங்குப் பொரியலும், சர்க்கரை போட்ட டீயும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ராகிக் களி சாப்பிடும் வீடுகளிலும் அளவு எளிதாக எட்டும். அதாவது நம் ஊரில் வழக்கம்போல் சாப்பிடுபவர் இந்த டெஸ்ட்டுக்காக எதையும் கூட்டிச் சாப்பிட வேண்டியதில்லை. வழக்கத்தை மாற்றாமல் இருந்தாலே போதும். லட்டும் அல்வாவும் சாப்பிட்டுத் தயாராக வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முந்தைய நாள் இரவு மட்டும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். கடைசி இரவுச் சாப்பாட்டிலும் 30 முதல் 50 கிராம் மாவுச்சத்து இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஆனால் அது மூன்று நாளுக்குப் பதிலாகச் சொன்னது கிடையாது. குறைந்துபோன நொதிகள் திரும்பக் கூட வேண்டும், கொழுப்பின் ஓட்டம் அடங்க வேண்டும், கணையத்தின் முதல் பாய்ச்சல் திரும்ப வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டில் அது முழுதாக நடந்துவிடாது. மூன்று நாள் என்பது குறைந்தபட்சம். மாதக்கணக்கில் மாவுச்சத்தைக் குறைத்தவர் இன்னும் இரண்டொரு நாள் கூட எடுத்துக்கொண்டால் நல்லது.

சித்தப்பாவின் டாக்டரிடம் ரிசல்ட்டோடு, என்ன சாப்பிட்டார் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். டாக்டர் தாளைப் படித்ததும் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னார். ஒன்று, சிறுநீரில் கீட்டோன். சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தபோது இளஞ்சிவப்பைத் தாண்டி ஊதா நிறம் பிடித்தது. கொழுப்பு அதிகமாக எரிகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். இன்னொன்று, மூன்று மாதச் சராசரி என்று மக்கள் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. அது 5.6 வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. பத்து நாள் சாப்பாட்டில் அந்த எண் பெரிதாக அசையாது என்பதால் அது முந்தைய வாரங்களின் கதையைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. வெறும் வயிற்றில் இயல்பு, சராசரி இயல்பு, கீட்டோன் இருக்கிறது, குளுக்கோஸ் குடித்தபின் மட்டும் 178. டாக்டர் முதல் ஜி.டி.டி.யை ஓரமாக வைத்துவிட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டு மறுபடி வாருங்கள் என்றார்.

சோறு சாப்பிடச் சித்தப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. சித்திதான் உட்கார்ந்து பரிமாறி சாப்பிட வைத்தார். ஐந்து நாள் இட்லி, சோறு, அவரைக்காய்க் குழம்பு, சப்பாத்தி என்று வழக்கமான சாப்பாடு. இரண்டாவது டெஸ்ட்டை எங்கள் கூடத்திலேயே எடுத்தோம். சர்க்கரைப் பரிசோதனைக்கான சாம்பல் நிற மூடி போட்ட குழாய்களில் நானே ரத்தம் எடுத்தேன், இரண்டு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழவிடவில்லை. வெறும் வயிற்றில் 102. ஒரு மணி நேரத்தில் 158. இரண்டு மணி நேரத்தில் 121.

இந்த மூன்று எண்களையும் முதல் மூன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது மணி நேர அளவு 178-லிருந்து 121-க்கு வந்துவிட்டது. அதே சமயம் வெறும் வயிற்று அளவு 91-லிருந்து 102-க்கு ஏறியிருக்கிறது. அதாவது சோற்றை நிறுத்தியது ஒரு எண்ணை இறக்கியும் இன்னொன்றை ஏற்றியும் காட்டியிருக்கிறது. அவருக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 102 என்பது 100-க்கு மேல்தான், அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, வயிறும் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எடையை இன்னும் இறக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் குளுக்கோஸைத் தாங்கும் திறன் கெட்டுவிட்டது என்ற முதல் தீர்ப்பு போய்விட்டது. இந்த டெஸ்ட்டையே ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி இரண்டு முறை செய்தாலும் எண்கள் கொஞ்சம் முன்பின் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். 138-ம் 145-ம் வந்தால் சாப்பாட்டைக் காரணம் காட்டுவது கஷ்டம். 178-ம் 121-ம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும் எண்கள் இல்லை, கூடவே கீட்டோனும் சாப்பாட்டுப் பட்டியலும் இருந்தன.

ஜி.டி.டி.யில் இவ்வளவு குழப்பம் இருந்தால் எச்.பி.ஏ.1.சி. மட்டும் பார்த்துவிட்டால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். நீலகிரியில் அதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் என்ற மாறிய வகை ஹீமோகுளோபின் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல் லேமனும் கட்புஷ்ஷும் அதை எழுதினார்கள். எச்.பி.ஏ.1.சி. என்பது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. ஹீமோகுளோபினே மாறியிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் அழிந்தாலோ, கடுமையான ரத்தசோகை இருந்தாலோ அந்த எண் தவறாக வரலாம். அப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸை நேரடியாக அளக்கும் டெஸ்ட்தான் கைகொடுக்கும். அதனால் இங்கே ஜி.டி.டி.யை ஒதுக்கிவிட முடியாது. சரியான சாப்பாட்டோடு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளைப் பற்றிக் கொஞ்சம். சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறையில், வெறும் வயிறா சாப்பிட்ட வயிறா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு அளவு எடுப்பார்கள். 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். மலைக்கிராமத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வர முடியாத பெண்களுக்கு இது பெரிய உதவி. வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கர்ப்பிணி இதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று டெஸ்ட்டுக்கு முன்னால் சோற்றை நிறுத்தும் பெண்கள் இருக்கிறார்கள். வாந்தி தாங்காமல் நாலைந்து நாள் எதுவுமே இறங்காதவர்களும் இருக்கிறார்கள். இதை நர்ஸம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எண் அதிகமாக வந்தால், சாப்பிடாததால்தான் வந்தது என்று தானாக முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடவும் கூடாது. குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும்போது காத்திருக்க நேரமில்லை, மறுபடி பார்ப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் அன்றைக்கே முடிவு செய்யட்டும்.

பேலியோ இல்லாமலே இதே நிலைக்கு வருபவர்களும் உண்டு. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்துவிட்டு மறுநாள் டெஸ்ட்டுக்கு வந்த ஒரு அம்மாவை, ஒரு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பியிருக்கிறேன். காய்ச்சலில் கஞ்சித் தண்ணீரோடு கிடந்தவர்களும் அப்படித்தான், அவர்களுக்குக் காய்ச்சலே தனியாகச் சர்க்கரையை ஏற்றும்.

எவ்வளவு குறைத்தால் எவ்வளவு ஏறும் என்று ஒரு அட்டவணை போட முடியாது. தினம் 120 கிராம் சாப்பிட்டவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், 50-க்குக் கீழே போனவருக்கு நன்றாகவே தெரியும். இளம் வயதில் கணையம் வலுவாக இருப்பவர் அப்போதும் 140-க்குள் நின்றுவிடலாம். ஏற்கெனவே விளிம்பில் இருப்பவரைத்தான் இது சட்டென்று கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளும். அதனால் ‘குறைத்துச் சாப்பிட்டேன், அதனால்தான்’ என்ற பதிலை எல்லா ரிசல்ட்டுக்கும் நீட்டக் கூடாது. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் வந்தாலோ, எச்.பி.ஏ.1.சி. 6.5-ஐத் தொட்டாலோ சோற்றைக் குறைத்ததன்மேல் பழி போட இடமில்லை. மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு அந்த இரண்டையும் இறக்கத்தான் பார்க்கும். அதையும் மீறி அவை உயர்ந்திருந்தால் உண்மையான சர்க்கரையாகவே எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் மூன்று நாள் காத்திருக்கவும் கூடாது.

வருடக்கணக்கில் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு, அதைத் தொடரவும் நினைப்பவர் டெஸ்ட்டுக்காகச் சோறு சாப்பிட மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த மாட்டேன். அப்படியே வந்து ஜி.டி.டி. எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் சொல்வேன், அந்த எண்ணால் அவருக்கும் பயனில்லை, டாக்டருக்கும் பயனில்லை. வெறும் வயிற்று அளவும் எச்.பி.ஏ.1.சி.யும் போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சீட்டில் ஜி.டி.டி. என்று எழுதி வருபவர்களிடம் இப்போது குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால், முந்தாநாள் மதியம் என்ன சாப்பிட்டீர்கள், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, பதிலை பில்லின் பின்பக்கம் குறித்து ரிசல்ட்டோடு சேர்த்து டாக்டருக்கு அனுப்புகிறேன். முட்டை, கோழி, கோஸ் என்று மட்டுமே பதில் வந்தால் பாக்கெட்டைப் பிரிப்பதில்லை. டாக்டருக்கு போன் செய்து வேறு தேதி கேட்கிறேன்.